ஏப்ரல் 24-க்கும் மே 16-க்கும் நடுவில்

"சார், நாங்கள் நகரி. தங்கச்சி இப்போது இன்டர் ரெண்டாம் வருடம், பைபிசி. போன வருடம் எங்கள் பெரியப்பா மகன் நீட் ஃபாரத்தை 'அப்புறம் ஃபைன் கட்டிப் போட்டுக்கலாம்' என்று விட்டுவிட்டான், கடைசியில் போடவே முடியவில்லை. ஆனால் ஈஏபிசெட்டுக்கு ஃபைன் கட்டிப் போட்டான். ஒன்றுக்கு உண்டு, இன்னொன்றுக்கு இல்லையா? கடைசித் தேதி என்று போடுகிறார்களே, அது உண்மையில் எந்தத் தேதி?"

ஆமாம், ஒன்றுக்கு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. ஆந்திராவில் இன்ஜினியரிங், அக்ரி, ஃபார்மசி சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான ஈஏபிசெட்டின் அறிவிப்பில் பெரிதாகப் போடும் கடைசித் தேதி, சாதாரணக் கட்டணத்தோடு விண்ணப்பிக்கும் கடைசி நாள். அதற்குப் பிறகும் சில வாரம் கதவு திறந்தே இருக்கும், உள்ளே போகும் விலைதான் ஏறும். நீட் அறிவிப்பில் அதே 'கடைசித் தேதி' என்ற சொல், கதவைச் சாத்திப் பூட்டும் நேரம். உங்கள் பெரியப்பா மகன் ஒன்றும் யோசிக்காமல் இருந்துவிடவில்லை. ஊரில் எல்லோரும் பார்த்துப் பழகிய ஈஏபிசெட் வழக்கத்தை நீட்டுக்கும் பொருத்திவிட்டார். புத்தூர் பக்கத்தில் ஒரு ஜூனியர் கல்லூரியில் பதினோரு வருடமாகப் பிள்ளைகளின் விண்ணப்ப வேலையைப் பார்த்து வருகிறேன். வருடா வருடம் இரண்டு மூன்று பேராவது இதே இடத்தில்தான் தவறுகிறார்கள்.

போன வருடத்து, அதாவது 2025 ஈஏபிசெட் தேதிகளையே வைத்துச் சொல்கிறேன். இந்த வருடம் தேதிகள் மாறும், ஆனால் அமைப்பு இதேதான்.

விண்ணப்பம் மார்ச் 15 அன்று திறந்தது. லேட் ஃபீ இல்லாமல் போட ஏப்ரல் 24 கடைசி. அதற்குப் பிறகு நான்கு படிகள். மே 1 வரை 1000 ரூபாய் கூடுதல், மே 7 வரை 2000, மே 12 வரை 4000, மே 16 வரை 10000. இந்த லேட் ஃபீ தேர்வுக் கட்டணத்துக்குப் பதில் இல்லை, அதற்கு மேல் சேர்வது. தேர்வுக் கட்டணம் ஒரு பிரிவுக்கு, பொதுப் பிரிவான ஓசிக்கு 600, பிசிக்கு 550, எஸ்சி எஸ்டிக்கு 500. இன்ஜினியரிங், அக்ரி இரண்டும் எழுதுகிறவர்களுக்கு இது இரட்டிப்பு.

உங்கள் தங்கச்சி பிசி என்றும், அக்ரி அண்ட் ஃபார்மசி பிரிவு மட்டும் எழுதுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 24 இரவுக்குள் போட்டிருந்தால் 550 ரூபாய். ஒரு நாள் தள்ளி 25-ஆம் தேதி காலையில் போட்டால் 1550. மே 2 அன்று 2550. மே 8 அன்று 4550. மே 13 அன்று போனால் 10550. எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணத்தில் நூறு ரூபாய் சலுகை கொடுத்துவிட்டு, லேட் ஃபீயில் எல்லோருக்கும் ஒரே தொகை வைத்திருக்கிறார்கள். விசைத்தறி ஓட்டும் வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் அதே பத்தாயிரம்தான். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான், திரும்பவும் தர மாட்டார்கள்.

படிகள் ஒரே அளவாக ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வாரத்தில் ஆயிரம், கடைசி நான்கு நாளில் பத்தாயிரம். ஒவ்வொரு படியின் நாட்களும் குறைந்துகொண்டே வருகின்றன, முதல் படிக்கு ஒரு வாரம், அடுத்தது ஆறு நாள், அப்புறம் ஐந்து, கடைசியில் நான்கு. காரணம் இருக்கிறது. ஈஏபிசெட் கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு, பல நாள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. 2025-இல் அக்ரி மே 19, 20 தேதிகளிலும், இன்ஜினியரிங் 21 முதல் 27 வரையிலும் நடந்தது. எந்த ஊரில் எந்த வேளையில் எத்தனை கம்ப்யூட்டர் மீதி என்று கடைசி வரை பார்த்து, வருகிறவர்களைக் காலி இடத்தில் உட்கார வைக்க முடியும். அதனால்தான் தாமதமாக வருகிறவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வு நெருங்க நெருங்கக் காலி இடம் குறைகிறது, விலை ஏறுகிறது. பக்கத்துத் தெலங்கானாவிலும் இதே மாதிரிப் படிகள்தான், தொகை மட்டும் குறைவு. 2025-இல் அங்கே 250, 500, 2500, 5000 என்று வைத்திருந்தார்கள்.

பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அதே 2025 அட்டவணையில் விண்ணப்பத்தில் உள்ள பிழைகளைத் திருத்தும் நாட்கள் மே 6 முதல் 8 வரை. ஹால் டிக்கெட் மே 12-இல் இருந்து. இப்போது இந்த இரண்டையும் லேட் ஃபீ படிகளோடு சேர்த்துப் பாருங்கள். நாலாயிரம் படி மே 8-இல் தொடங்குகிறது, அன்றைக்குத்தான் திருத்தமும் முடிகிறது. பத்தாயிரம் படியில் வருகிறவர் மே 12-க்குப் பிறகு போடுகிறார், அப்போது மற்ற எல்லோரும் ஹால் டிக்கெட்டை எடுத்துக் கையில் வைத்திருப்பார்கள். அவர் விண்ணப்பத்தில் ஒரு எழுத்து தப்பாகப் போனாலும் தானாகத் திருத்த நாள் கிடையாது. தேர்வு ஊரைத் தேர்ந்தெடுப்பதிலும் அப்படித்தான். முதலில் வந்தவர்கள் திருப்பதி, சித்தூர் பக்கம் இடங்களை நிரப்பியிருப்பார்கள், கடைசியில் வருகிறவருக்கு மிச்சம் இருக்கும் ஊர்தான்.

எங்கள் மாணவன் ஒருவன் ஒரு வருடம் நாலாயிரம் படியில் போட்டான். நெட் சென்டரில் அவசரத்தில் பிறந்த தேதியில் மாதத்தையும் நாளையும் மாற்றி அடித்துவிட்டார்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் தெரிந்தது. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, புகைப்படம், கையெழுத்து மாதிரியான விவரங்களை ஈஏபிசெட்டில் நாமே மாற்ற முடியாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலான மெமோவை ஸ்கேன் செய்து கன்வீனருக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்க வேண்டும். திருத்தம் வந்து சேர்வதற்குள் பையன் படிப்பை விட்டுவிட்டு மூன்று நாள் என் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். முதல் வாரத்திலேயே போட்டிருந்தால் அதே தப்பைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் கிடைத்திருக்கும்.

அடுத்து, விண்ணப்பம் எந்த வரிசையில் நடக்கிறது என்பது. நீட்டுக்கும் ஈஏபிசெட்டுக்கும் இது நேர் எதிர். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஆந்திராவின் cets.apsche.ap.gov.in தளத்தில் முதலில் பணம். Fee Payment என்பதில் இன்டர் ஹால் டிக்கெட் எண், பெயர், மொபைல் எண், பிறந்த தேதி, பிரிவு, சாதி வகை கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டியதும் ஒரு பேமென்ட் ரெஃபரன்ஸ் எண் வரும். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த கட்டமான Fill Application Form-க்குள் போக முடியும். அங்கே முழு விண்ணப்பத்தையும் நிரப்பி அனுப்பிய பிறகுதான் ரிஜிஸ்ட்ரேஷன் எண் வருகிறது. ஆக, பணம் கட்டியது விண்ணப்பித்தது ஆகாது.

விஜயபுரம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம் நெட் சென்டரில் பணம் கட்டி, மொபைலுக்கு மெசேஜும் வந்து, ரசீதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு கரன்ட் இல்லை, மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னதை, எல்லாம் முடிந்துவிட்டது, பிரிண்ட்தான் நாளைக்கு என்று அவர் எடுத்துக்கொண்டார். கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் நான் பிள்ளைகளிடம் ரிஜிஸ்ட்ரேஷன் எண்ணைக் கேட்டபோது அந்தப் பெண்ணிடம் இருந்தது பேமென்ட் எண் மட்டும். அன்றே உட்கார்ந்து நிரப்பி அனுப்பினோம். கேட்காமல் விட்டிருந்தால் ஹால் டிக்கெட் எடுக்கப் போகும்போதுதான் தெரிந்திருக்கும். அதனால் உங்கள் கையில் Print Application Form-இல் இருந்து எடுத்த, ரிஜிஸ்ட்ரேஷன் எண் போட்ட தாள் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் விண்ணப்பம் போகவில்லை.

நீட்டில் இதற்கு மறுதலை. neet.nta.nic.in தளத்தில் முதலில் பதிவு, உடனே அப்ளிகேஷன் எண் வந்துவிடும். அப்புறம் ஃபாரம், அப்புறம் புகைப்படம், கையெழுத்து, விரல் ரேகை எல்லாம் அப்லோட். பணம் கடைசியில். பணம் போய்ச் சேர்ந்தால்தான் Confirmation Page உருவாகும். இங்கே பிள்ளைகள் ஏமாறுவது அப்ளிகேஷன் எண்ணைப் பார்த்து. எண் வந்துவிட்டது, விண்ணப்பித்துவிட்டோம் என்று இருந்துவிடுகிறார்கள். ஈஏபிசெட்டில் பணம் மட்டும் கட்டிவிட்டு நிற்பார்கள், நீட்டில் பணம் மட்டும் கட்டாமல் நிற்பார்கள்.

சரி, நீட்டுக்கு ஏன் லேட் ஃபீ இல்லை? அது பேனாவால் ஓஎம்ஆர் தாளில் எழுதும் தேர்வு, நாடு முழுக்க ஒரே நாள், ஒரே வேளை. 2025-இல் மே 4, மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. 22 லட்சத்துக்கு மேல் பதிவு செய்திருந்தார்கள். எந்த மையத்துக்கு எத்தனை பேர் என்று முடிவானால்தான் வினாத்தாளை அந்தக் கணக்கில், அந்தந்த மொழியில் அச்சடித்துக் கட்டி அனுப்ப முடியும். தமிழில் எழுதுகிற பிள்ளைக்குத் தமிழ் தாள் போய்ச் சேர வேண்டும். காலியாக இருக்கும் வேறு ஒரு வேளையில் உட்கார வைக்கலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை, வேறு வேளையே கிடையாது. அதனால் பணம் வாங்கிக்கொண்டு திறந்து வைப்பதில்லை.

2025-இல் நீட் பிப்ரவரி 7 அன்று திறந்து மார்ச் 7 இரவு 11.50-க்கு மூடியது. ஃபாரத்துக்கும் பணத்துக்கும் அதே நேரம்தான் கெடு. மார்ச் 9 முதல் 11 வரை திருத்தம், அது ஏற்கெனவே பணம் கட்டி முடித்தவர்களுக்கு மட்டும். புதிதாக யாரும் அதில் நுழைய முடியாது. திருத்தும் நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இதே மாதத்தை நம் இன்டர் பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். பிப்ரவரியில் பிராக்டிகல். 2025-இல் இரண்டாம் வருடத் தேர்வு மார்ச் 3 அன்று தொடங்கி 20 வரை போனது. நீட் மூடிய மார்ச் 7, தேர்வுகளுக்கு நடுவில். 'பரீட்சை முடியட்டும், அப்புறம் நிதானமாகப் போடலாம்' என்று எந்த வீட்டிலும் சொல்லுவார்கள், சொல்லுவது இயல்புதான். ஆனால் பரீட்சை முடியும்போது நீட் மூடி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஈஏபிசெட்டோ மார்ச் 15 அன்றுதான் திறந்தது, பரீட்சை முடிந்து இன்டர் ரிசல்ட்டும் ஏப்ரல் 12 அன்று வந்த பிறகுகூட பன்னிரண்டு நாள் லேட் ஃபீ இல்லாமல் இருந்தது. உங்கள் பெரியப்பா மகனுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஈஏபிசெட் கால அளவில் நினைத்துக்கொண்டு நீட்டுக்குப் போயிருக்கிறார். ரிசல்ட் வந்த பிறகுதான் போட முடியும் என்று நினைத்தவர்களும் உண்டு. இரண்டிலுமே கடைசி வருடம் எழுதிக்கொண்டிருப்பவர் என்று குறித்து, மதிப்பெண் இல்லாமலே போடலாம்.

நீட்டுக்கு ஃபைன் இல்லாவிட்டாலும் தேதியை நீட்டுவார்கள் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. 2023-இல் ஏப்ரல் 6 அன்று மூடியதைச் சில நாள் கழித்து மறுபடி திறந்தார்கள். 2024-இல் மார்ச் 9 கெடுவை மார்ச் 16 வரை நீட்டினார்கள், அதுவும் போதாமல் ஏப்ரல் 9, 10 இரண்டு நாள் திரும்பத் திறந்தார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து நடந்ததால் 2025-லும் நடக்கும் என்று நெட் சென்டர்காரர்களே நம்பினார்கள். நடக்கவில்லை. மார்ச் 7 என்றால் மார்ச் 7-தான். நீட்டிப்பு அறிவிப்பில் எழுதி வைத்த உரிமை இல்லை. கெடு முடியும் நாளிலோ அதற்குப் பிறகோதான் வரும், வந்தால் தளத்தில் தனி அறிவிப்பாக வரும். ஈஏபிசெட் லேட் ஃபீ தேதிகள் அப்படி இல்லை, முதல் நாள் அறிவிப்பிலேயே தேதியும் தொகையும் அச்சாகியிருக்கும். அந்த அட்டவணை அறிவிப்பில் இருந்தால் லேட் ஃபீ உண்டு, இல்லையென்றால் இல்லை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மற்றத் தேர்வுகளையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஜேஇஇ மெயினுக்கும் லேட் ஃபீ இல்லை, ஆனால் வருடத்துக்கு இரண்டு அமர்வு. முதல் அமர்வைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது தனியாகத் திறக்கும். அதில் ஒரு நுணுக்கம், 2025 முதல் அமர்வில் ஃபாரம் நவம்பர் 22 இரவு 9 மணியோடு நின்றது, பணத்துக்கு மட்டும் 11.50 வரை இருந்தது. 11.50-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பத்து மணிக்கு உட்கார்ந்தவர்களால் ஃபாரத்தையே திறக்க முடியவில்லை. இன்ஜினியரிங் படித்தவர்கள் எம்டெக்குக்கு எழுதும் கேட் தேர்வில் சாதாரணக் கெடுவுக்குப் பிறகு சில நாள் மட்டும் ஒரே ஒரு லேட் ஃபீ படி, 500 ரூபாய் கூடுதல். பாலக்காடு, மூணாறு பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்டால் கேரளாவின் நுழைவுத் தேர்வான கீமுக்கு ஆந்திரா மாதிரிப் படிகள் இல்லை என்று சொல்லுங்கள். 2025-இல் மார்ச் 10 கெடுவை 12 வரை நீட்டினார்கள், அவ்வளவுதான். கேரளாவில் மாநில ஒதுக்கீட்டில் மருத்துவம் வேண்டுமென்றால் நீட் மட்டும் போதாது, அதே கெடுவுக்குள் கீமிலும் விண்ணப்பித்திருக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல நீட் மதிப்பெண்ணோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பணம் போகும் வழி. கடைசி நாள் இரவில் விழும் பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் விழுகின்றன. கணக்கில் பணம் பிடித்துவிடும், தளத்தில் கட்டவில்லை என்று காட்டும். ஈஏபிசெட்டில் Know Your Payment Status என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும். நீட்டிலும் ஜேஇஇயிலும் கட்டணத்தின் நிலை OK என்று காட்ட வேண்டும். OK வரவில்லை என்றால் அந்தப் பரிமாற்றம் ரத்தானதாகத்தான் அர்த்தம். மறுபடி கட்டச் சொல்லி அவர்களுடைய விவரக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள், முதலில் போன பணம் தானாகத் திரும்பும் என்றும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி இந்த மாதிரிக் கடைக்குப் போய்ச் சேராத யுபிஐ, கார்டு பணம் ஐந்து நாளுக்குள் கணக்குக்கு வந்துவிட வேண்டும், தாமதமானால் நாளுக்கு நூறு ரூபாய் வங்கி தர வேண்டும்.

பணம் திரும்பும், சரி. ஆனால் நீட் கெடு உங்களுக்காக ஐந்து நாள் காத்திருக்காது. 2025-இல் ஓபிசி பிள்ளைக்கு நீட் கட்டணம் 1600 ரூபாய், பொதுப் பிரிவுக்கு 1700, எஸ்சி எஸ்டிக்கு 1000. கணக்கில் சரியாக 1600 மட்டும் வைத்துக்கொண்டு இரவு பதினொன்றரைக்குக் கட்டி, அது நடுவில் மாட்டிக்கொண்டால் மறுபடி கட்டப் பணமே இருக்காது. கடையில் முன்பணம் கேட்டு வாங்கும் வீடுகளில் இது நடக்கிறது. இரண்டு தடவை கட்டும் அளவு கணக்கில் இருக்கும் நாளில், பகல் பத்து மணிக்குக் கட்டுங்கள். அல்லது கட்டுவதற்கு இன்னொருவர் கணக்கையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நெட் சென்டரில் போடுவதில் தப்பில்லை, நம் ஊரில் அதுதான் வழி. ஒன்றே ஒன்றில் கறாராக இருங்கள். மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று சில கடைகளில் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஓடிபி அவர்களுக்குப் போகும், திருத்த நாள் பற்றிய மெசேஜும் அவர்களுக்கே போகும், நூறு பிள்ளைகளின் மெசேஜுக்கு நடுவில் உங்களுடையது எங்கேயோ கிடக்கும். திருத்த நாட்கள் இரண்டு மூன்றுதான். பார்க்காமல் போனால் போனதுதான்.

நம் தமிழ் வீடுகளுக்கு இன்னொரு தனிச் சிக்கல், பெயர். ஆந்திராவில் மெமோவிலும் ஆதாரிலும் இன்ட்டிப்பேரை, அதாவது குடும்பப் பெயரை, முன்னால் முழுதாக எழுதும் பழக்கம். நமக்கு இன்ட்டிப்பேர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பத்தாம் வகுப்பு மெமோவில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று மாதிரி இருக்கும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பு மெமோவில் உள்ளதை அப்படியே போடுங்கள். ஆதாரை அதற்கு ஒத்துவரும்படி மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்றுங்கள், திரும்பி வரச் சில வாரம் ஆகலாம். நீட் திறந்திருப்பதே நான்கு வாரம்தான்.

தங்கச்சிக்கு நான் சொல்வது இதுதான். நீட் திறந்த முதல் வாரத்தில், பிராக்டிகலுக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டு, Confirmation Page-ஐப் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். அதை விட்டால் வேறு நாள் கிடையாது. ஈஏபிசெட்டுக்கு அவ்வளவு அவசரம் வேண்டாம். 2025 மாதிரி அட்டவணையாக இருந்தால் பரீட்சை முடிந்த மறு வாரத்தில் போட்டால் போதும், லேட் ஃபீ தேதிக்கு நிறைய நாள் இருக்கும், திருத்த நாளும் முன்னால் இருக்கும். லேட் ஃபீ படிகள் இருக்கின்றன என்பதை உண்மையிலேயே மாட்டிக்கொண்ட வீட்டுக்கு, ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு, சாவு விழுந்த வீட்டுக்கு என்று விட்டுவிடுங்கள். ஆயிரம் படியில் போவது பரவாயில்லை. நாலாயிரத்துக்கு மேல் போகிற நிலை வந்தால், திருத்தம் இல்லாமல் போடுகிறோம் என்று தெரிந்து, அனுப்பும் முன் இரண்டு பேர் ஒவ்வொரு கட்டத்தையும் மெமோவோடு ஒத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஈஏபிசெட் ஃபாரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து இன்டர் வரை எந்தெந்த ஊரில் படித்தார் என்று கேட்பார்கள், லோக்கலா இல்லையா என்று பார்ப்பது அதை வைத்துத்தான். நகரியில் பல பிள்ளைகள் தமிழ் மீடியத்துக்காகச் சில வருடம் பள்ளிப்பட்டு, திருத்தணி பக்கம் படித்திருப்பார்கள். தங்கச்சியும் அப்படிப் படித்திருந்தால், ஃபாரத்தில் வருடங்களைச் சரியாகப் போடவும், பின்னால் கவுன்சலிங்கில் காட்டவும் அந்தப் பள்ளியின் ஸ்டடி சர்ட்டிஃபிகேட் தேவைப்படும். தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஏப்ரல் கடைசியில் கோடை விடுமுறைக்கு மூடிவிடும், அதற்குப் பிறகு கையெழுத்துப் போட ஹெட்மாஸ்டரைத் தேடி அலைய வேண்டும். அதை மட்டும் பிப்ரவரியிலேயே ஒரு நாள் போய் வாங்கி வந்துவிடுங்கள்.